கோழி ஈரல் கல்லாவது ஏன்?

ஏழு நிமிட வேலைக்கு அரை மணி நேரம் எதற்கு?

ஞாயிற்றுக்கிழமை காலை. திருநின்றவூர் ரயில் நிலையத்தில் கூட்டம் இல்லை. வாரம் முழுவதும் ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் சென்னைக்கும் ஓடியவர்கள் அன்று வீட்டில் இருக்கிறார்கள். கூட்டம் எல்லாம் கறிக்கடையில்தான்!

அந்தக் கூட்டத்தில் ஒருவர் நிற்கிறார். ஆவடிக்கு வேலைக்குப் போகிறவர். ஒரு கிலோ கோழிக்கறி வாங்குகிறார். பிறகு, "கால் கிலோ ஈரல் தனியாகப் போடுங்கள்" என்கிறார். மகளுக்கு ரத்தம் குறைவாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லி இருக்கிறார். மருந்தோடு கீரையும் ஈரலும் கொடுக்கச் சொன்னார். ஈரல், கறியைவிட விலை குறைவு. வாங்குவதில் கஷ்டம் இல்லை.

கஷ்டம் எல்லாம் சாப்பாட்டு நேரத்தில்தான்.

சிறுமி ஒரு துண்டை வாயில் போடுகிறாள். மெல்லுகிறாள். மெல்லிக்கொண்டே இருக்கிறாள். பிறகு தட்டின் ஓரத்தில் துப்பிவிடுகிறாள்.

"வேண்டாம்மா. மண்ணு மாதிரி இருக்கு" என்கிறாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் வேகவிட்டிருந்தா மெத்துனு ஆகியிருக்கும். உனக்கு எதிலும் அவசரம்!" என்கிறார் மாமியார்.

"அரை மணி நேரம் வெந்துதே, அத்தே!" என்கிறாள் மருமகள். அவள் கண் கலங்குகிறது.

யார் சொல்வது சரி? இருவரும் பாவம், ஒரே தவறில்தான் நிற்கிறார்கள். ஈரல் வேகாததால் கல்லாகவில்லை. வெந்தது போதும் என்ற பிறகும் அடுப்பில் கிடந்ததால்தான் கல்லானது! இன்னும் அரை மணி நேரம் வைத்திருந்தால் இன்னும் மோசமாகத்தான் ஆகியிருக்கும்.

கறி வேறு, ஈரல் வேறு

கறி வேக வேக மெத்தென்று ஆகும். இது எல்லாருக்கும் தெரியும். ஆட்டுக் கால் சூப்பை மணிக் கணக்கில் கொதிக்கவிடுகிறோம். அதில் இருக்கும் நாரும் சவ்வும் மெல்ல மெல்லக் கரைந்து பசையாகிவிடுகின்றன. அதனால்தான் கடினமான கறியும் கடைசியில் பஞ்சாகிறது.

ஈரலில் அப்படிக் கரைய வேண்டிய நார் மிகவும் குறைவு. அது பிறக்கும்போதே மெத்தென்ற பொருள். கத்தி வைத்தால் வெண்ணெய் போல் போகிறது அல்லவா? அதை மேலும் மெத்தென்று ஆக்க நெருப்பால் முடியாது. கெடுக்கத்தான் முடியும்.

முட்டையை நினைத்துப் பாருங்கள். முட்டையை வேகவைத்தால் முதலில் இறுகுகிறது. பதமாக எடுத்தால் மிருதுவாக இருக்கிறது. மறந்துபோய் அரை மணி நேரம் கொதிக்கவிட்டால் வெள்ளைக் கரு ரப்பராகிவிடுகிறது. மஞ்சள் கரு மாவாக உதிர்கிறது. அதை மறுபடியும் கொதிக்கவைத்தால் மிருதுவாகுமா? ஆகாது!

ஈரலும் முட்டையின் ஜாதிதான். சூடு ஏற ஏற அதில் உள்ள புரதம் சுருங்குகிறது. ஈரத் துணியைப் பிழிவதுபோல உள்ளே இருக்கும் நீரைப் பிழிந்து வெளியே தள்ளுகிறது. நீர் போனபின் மிச்சம் இருப்பது சக்கை. அந்தச் சக்கையைத்தான் சிறுமி 'மண்' என்றாள். அவள் சொன்னதில் தவறே இல்லை.

இரைப்பையோடு சேர்த்தால் இரண்டும் கெடும்

இந்தத் தவறு நம் வீடுகளில் எப்படி வந்தது? அதற்கு ஒரு காரணம் கறிக்கடையிலேயே இருக்கிறது.

ஈரல் கேட்டால் பல கடைகளில் ஈரலையும் இரைப்பையையும் ஒன்றாகக் கலந்து தருகிறார்கள். வீட்டில் இரண்டையும் ஒரே சட்டியில் போடுகிறார்கள். இரைப்பை என்பது கோழி தின்ற தானியத்தை அரைக்கும் இயந்திரம். கோழிக்குப் பல் இல்லை. இரைப்பைதான் அதற்குப் பல். நாளெல்லாம் உழைக்கும் தசை அது. கெட்டியாகத்தான் இருக்கும். அரை மணி நேரத்துக்கு மேல் வெந்தால்தான் மெல்ல முடியும்.

ஈரலுக்கோ ஏழு நிமிடம் போதும். இரண்டையும் ஒரே சட்டியில் போட்டால் என்ன ஆகும்? இரைப்பை வேகும்வரை காத்திருந்தால் ஈரல் கல்லாகும். ஈரல் பதத்தில் இறக்கினால் இரைப்பை ரப்பராக இருக்கும். குதிரையையும் ஆமையையும் ஒரே வண்டியில் பூட்டிய கதைதான்!

ஆகவே வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, இரண்டையும் பிரிப்பது. இரைப்பையைத் தனியாகக் குக்கரில் வேகவைத்துக் குழம்பில் போடலாம். ஈரலுக்குத் தனிக் கல், தனி நேரம். கறிக்குழம்பில் ஈரலையும் சேர்த்துக் கொதிக்கவிடும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும்.

கல்லில் போடும் முன்பு

மருமகள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்ன செய்யவேண்டும்? கால் கிலோ ஈரலையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் ஈரலைப் புரட்டிப் பார்க்கவேண்டும். எங்காவது பச்சை நிறம் தெரிகிறதா? அது பித்தம். ஈரலை ஒட்டிச் சின்னப் பச்சைப் பை ஒன்று உண்டு. கடைக்காரர் அதை எடுத்துவிடுவார். ஆனால் எடுக்கும்போது பை உடைந்தால் பச்சைக் கறை ஈரலில் ஒட்டிக்கொள்ளும். கறை பட்ட இடத்தைக் கத்தியால் வெட்டி எறிந்துவிடவேண்டும். கழுவினால் போகும் என்று விட்டால், கசப்பு சட்டி முழுவதும் பரவிவிடும்.

இரண்டு மடல்களை இணைக்கும் வெள்ளை நரம்பையும் எடுத்துவிடலாம். பிறகு துண்டு போடவேண்டும். தீப்பெட்டியில் பாதி அளவு இருந்தால் போதும். மிகவும் சிறியதாக நறுக்கினால் உள்ளே பதம் வருவதற்குள் காய்ந்துவிடும். முழு மடலாகப் போட்டால் வெளியே கருகும், உள்ளே வேகாது. எல்லாத் துண்டும் ஒரே அளவாக இருப்பது மிகவும் முக்கியம்.

கழுவுகிறவர்கள் குழாயைத் திறந்து தண்ணீர் தெறிக்கக் கழுவவேண்டாம். பச்சைக் கோழியில் இருக்கும் கிருமி அந்தத் துளிகளோடு பக்கத்தில் இருக்கும் கொத்தமல்லிக்கும் தட்டுக்கும் போய்ச் சேரும். ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் மெதுவாக அலசினால் போதும். கத்தியையும் பலகையையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவவேண்டும்.

அலசிய பிறகுதான் முக்கியமான வேலை. சுத்தமான துணியிலோ காகிதத்திலோ துண்டுகளை ஒற்றி எடுத்து ஈரத்தைப் போக்கவேண்டும். ஈரத்தோடு போட்டால் கல்லின் சூடெல்லாம் அந்தத் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். ஈரல் பொரியாது, தன் நீரிலேயே அவியும். எண்ணெயும் படபடவென்று முகத்தில் தெறிக்கும்.

உப்பையும் முன்னதாகப் பிசறி வைக்கவேண்டாம். உப்பு நீரை இழுத்துவிடும். ஒற்றி எடுத்த வேலை வீணாகும். மிளகாய்த்தூளும் இப்போது வேண்டாம். காய்ந்த கல்லில் ஈரல் சிவப்பதற்குள் மிளகாய்த்தூள் கருகிக் கசந்துவிடும்.

அப்படியானால் மசாலா எப்போது? மசாலாவை முதலிலேயே தனியாகத் தயார் செய்துவிடவேண்டும். பதினைந்து சின்ன வெங்காயம், இரண்டு பச்சை மிளகாய், ஒரு கொத்துக் கறிவேப்பிலை. இவற்றை நல்லெண்ணெயில் வதக்கி, கொஞ்சம் மஞ்சள்தூளும் இஞ்சி பூண்டு விழுதும் சேர்த்து, பச்சை வாசனை போனதும் கிண்ணத்தில் எடுத்து வைத்துக்கொள்ளவேண்டும். மிளகும் சீரகமும் சோம்பும் பொடித்த பொடி ஒன்றரைத் தேக்கரண்டி பக்கத்தில் இருக்கட்டும். ஈரலுக்காக மசாலா காத்திருக்கலாம். மசாலாவுக்காக ஈரல் காத்திருக்கக் கூடாது!

அந்த ஏழு நிமிடம்

இரும்புத் தோசைக்கல் இதற்கு நல்லது. அகன்ற இரும்பு வாணலியும் சரிதான். ஒட்டாத பூச்சு உள்ள சட்டியை வெறுமனே பெரிய தீயில் காயவைப்பது பூச்சுக்கு நல்லதல்ல. இரும்பு அந்தச் சூட்டைத் தாங்கும். ஈரலைப் போட்டதும் சட்டென்று ஆறியும் போகாது.

கல்லைப் பெரிய தீயில் வைத்துக் காயவிடவேண்டும். ஒரு துளி தண்ணீர் தெளித்தால் அது முத்துப் போல உருண்டு ஓடவேண்டும். சும்மா கொதித்து அடங்கினால் சூடு போதாது. தண்ணீர் முழுவதும் ஆவியான பிறகு இரண்டு மேசைக்கரண்டி கடலை எண்ணெய் விடலாம். எண்ணெய் தண்ணீர் போல இளகிப் பளபளக்கும். புகை கிளம்பும் முன்பே ஈரலைப் போட்டுவிடவேண்டும்.

துண்டுகளை ஒவ்வொன்றாக, ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் பரப்பவேண்டும். 'சுர்' என்ற சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் நிற்கக்கூடாது. சத்தம் அடங்கித் தண்ணீர் விட்டுக்கொண்டால், கல்லில் அளவுக்கு மேல் போட்டுவிட்டோம் என்று அர்த்தம். கல் சிறியதாக இருந்தால் கால் கிலோவை இரண்டு தடவையாகப் போடுவதே நல்லது.

முதல் 2 நிமிடம் தொடக்கூடாது. கரண்டியைக் கீழே வைத்துவிடலாம். கிளறிக்கொண்டே இருந்தால் மேலே நிறம் பிடிக்காது; துண்டும் உடையும். அடிப்பக்கம் நன்றாகச் சிவந்ததும் ஈரல் தானாகவே கல்லை விட்டுக் கிளம்பும். கிளம்ப மறுத்தால் இன்னும் சிவக்கவில்லை என்று பொருள்.

பிறகு திருப்பிப் போட்டு, அதே பெரிய தீயில் இன்னும் 2 நிமிடம். இந்த நேரத்தில் ஈரல் சில சமயம் 'பட்'டென்று வெடிக்கும். மேல் தோலுக்குள் ஆவி மாட்டிக்கொள்வதுதான் காரணம். குழந்தைகளை அடுப்பின் பக்கம் விடவேண்டாம்.

இப்போது தீயைப் பாதியாகக் குறைக்கவேண்டும். வதக்கி வைத்த வெங்காயத்தையும் மிளகுப் பொடியையும் உப்பையும் போட்டு 1 நிமிடம் மெதுவாகப் புரட்டவேண்டும். அடுப்பை அணைத்து, ஒரு மூடி போட்டு 2 நிமிடம் அப்படியே விடவேண்டும். மேலே ஏறிய சூடு இந்த 2 நிமிடத்தில் நடுப்பகுதிக்குப் போய்ச் சேரும். நெருப்பு இல்லாமல் நடக்கும் இந்தச் சமையல்தான் ஈரலை மிருதுவாக வைத்து, உள்ளேயும் வேகவைக்கிறது.

2 நிமிடம், இன்னொரு 2 நிமிடம், 1 நிமிடம், மூடி போட்டு 2 நிமிடம். ஆக மொத்தம் 7 நிமிடம். துண்டின் கனத்தையும் அடுப்பின் வேகத்தையும் பொறுத்து ஒரு நிமிடம் கூடலாம், குறையலாம். கடைசித் தீர்ப்பு கடிகாரத்தின் கையில் இல்லை. நிறத்தின் கையில் இருக்கிறது.

நிறம் சொல்லும் சேதி

இருப்பதிலேயே கனமான துண்டை எடுத்து, நடுவில் வெட்டிப் பார்க்கவேண்டும். வெளியே பார்த்தால் தெரியாது. மசாலாவின் நிறம் ஏமாற்றிவிடும்.

உள்ளே ரத்தச் சிவப்பாக, கொழகொழவென்று இருந்தால் பச்சை. ரோஜா நிறமாக இருந்து, அழுத்தினால் சிவந்த நீர் வந்தால் அது அரை வேக்காடு. இரண்டையும் சாப்பிடக்கூடாது. கல்லுக்குத் திருப்பி அனுப்பி, சின்னத் தீயில் இன்னும் 1 நிமிடம் வைத்து, மறுபடியும் வெட்டிப் பார்க்கவேண்டும்.

ரோஜா நிறம் முழுவதும் மறைந்து, பால் அதிகம் விட்ட காப்பியின் நிறம் வந்திருக்கிறதா? வெட்டிய இடம் ஈரமாகப் பளபளக்கிறதா? அழுத்தினால் வரும் நீர் தெளிவாக இருக்கிறதா? அதுதான் பதம்! உடனே பரிமாறவேண்டும்.

அதையும் தாண்டினால் பளபளப்புப் போய்விடும். உள்ளே சாம்பல் நிறம் தட்டும். விரலால் அழுத்தினால் காய்ந்த மண் கட்டிபோல உதிரும். அங்கிருந்து திரும்பி வர வழி இல்லை. பொடியாக நறுக்கி முட்டைப் பொரியலில் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

பச்சை ஈரலின் நிறம் எல்லாக் கோழியிலும் ஒன்றாக இருக்காது. சிலது கருஞ்சிவப்பு. சிலது வெளிறிய பழுப்பு. வெளிறிய ஈரல் சீக்கிரமே வெந்ததுபோலக் காட்டும். அப்போது நிறத்தோடு, வரும் நீரையும் பார்ப்பது நல்லது. சமையல் தெர்மாமீட்டர் இருக்கிற வீட்டில் சந்தேகமே இல்லை. துண்டின் நடுவில் 74 டிகிரி செல்சியஸ் காட்டினால் போதும். கோழி வகைகளுக்கு அமெரிக்க விவசாயத் துறை சொல்லும் அளவு அதுதான். அதைத் தொட்டதும் இறக்கிவிடலாம்.

அரைப் பச்சை சத்தா?

"ரொம்ப வேகவைத்தால் சத்துப் போய்விடும். ரத்தம் ஊறவேண்டுமானால் ஈரலை நெருப்பில் லேசாக வாட்டி, அரைப் பச்சையாகத் தின்னவேண்டும்" என்று சொல்கிறவர்களும் உண்டு. இது முந்தைய தவறைவிடப் பெரிய தவறு.

ரத்தத்துக்கு வேண்டியது இரும்புச் சத்து. 100 கிராம் கோழி ஈரலில் சுமார் 9 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. கோழியின் சதையில் சுமார் 1 மில்லிகிராம்தான். டாக்டர் ஈரலைச் சொன்னதற்கு இதுதான் காரணம். அந்த இரும்பு சூட்டில் எரிந்து போகாது. பச்சையாகத் தின்பதால் ஒரு துளிகூட அதிகம் கிடைக்காது.

அதிகமாகக் கிடைப்பது நோய்தான். 'கேம்பைலோபாக்டர்' என்று ஒரு கிருமி. காய்ச்சல், வயிற்று வலி, பேதி உண்டாக்கும். மற்றக் கறியில் கிருமி பெரும்பாலும் மேலே இருக்கும். மேல் பக்கம் சுட்டால் அது போய்விடும். கோழி ஈரலிலோ இந்தக் கிருமி உள்ளேயே இருக்கலாம். ஆகவே வெளியே கருகக் கருகச் சுட்டாலும், நடுவில் பச்சையாக இருந்தால் ஆபத்து அப்படியே இருக்கும்.

2012-ம் ஆண்டில் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் 6 பேர் இந்தக் கிருமியால் நோயுற்றார்கள். விசாரித்தபோது, அவர்கள் சாப்பிட்டது பதமாக வேகாத கோழி ஈரல் என்று தெரிந்தது. மிருதுவாக இருக்கவேண்டும் என்பதற்காக ஈரலை உள்ளே ரோஜா நிறத்தில் விடுவது அங்கே பல சமையற்காரர்களின் வழக்கம். அந்த வழக்கம் நமக்கு வேண்டாம். மிருது என்பது ரோஜா நிறத்தில் இல்லை. ரோஜா நிறம் போன அந்தக் கணத்தில் இறக்குவதில் இருக்கிறது.

அதிகமானால் அமுதமும் நஞ்சு. ஈரலில் 'ஏ' வைட்டமின் மிகவும் அதிகம். சிறு குழந்தைகளுக்கு வாரம் ஒரு தடவைக்கு மேல் வேண்டாம். கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் ஈரல் சாப்பிடக்கூடாது. வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு அந்த வைட்டமின் அளவு மீறுவது நல்லதல்ல.

இலை போட்ட பிறகு கல்லை வையுங்கள்

இன்னும் ஒரு பழக்கம் மிச்சம் இருக்கிறது. காலை பத்து மணிக்கே எல்லாச் சமையலையும் முடித்துவிடுவது நம் வீட்டு வழக்கம். குழம்புக்கு அது சரி. ஊற ஊற ருசிதான். ஆனால் பத்து மணிக்குப் பதமாகப் பொரித்த ஈரலை ஒரு மணிக்கு மறுபடியும் சூடு பண்ணினால், அது இரண்டாம் தடவை வேகிறது. பதம் அங்கே பறிபோகிறது. காலையில் எடுத்துக்கொண்ட கவனம் எல்லாம் வீண்.

நறுக்கி, ஒற்றி, குளிர்சாதனப் பெட்டியில் மூடி வைத்திருக்கலாம். மசாலாவையும் வதக்கி வைத்திருக்கலாம். ஆனால் கல்லை அடுப்பில் ஏற்றுவது, எல்லாரும் கை கழுவி உட்கார்ந்த பிறகுதான். ஏழு நிமிடம் காத்திருந்தால் குடி முழுகிவிடாது!

இதற்கு வீட்டில் உள்ள ஆண்களின் உதவியும் வேண்டும். கறி வாங்கி வந்து பையைக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று உட்கார்ந்துவிடக் கூடாது. ஒருவர் சோறு போட்டால்தான் இன்னொருவர் கல்லின் பக்கத்தில் நிற்க முடியும். சாதமும் ரசமும் பரிமாறி, நடுவில் ஓடி வந்து ஈரலையும் திருப்பவேண்டும் என்றால் எந்தப் பெண்ணால் 2 நிமிடத்தைக் கணக்குப் பார்க்க முடியும்? ஈரல் கல்லானதும் பழியை மட்டும் அவள் தலையில் போடுவது நியாயமா?

மாமியாருக்கும் ஒரு வார்த்தை. நீண்ட நேரம் வேகவைப்பது நாட்டுக்கோழிக்கும் ஆட்டுக்கறிக்கும் அவர் கற்ற நல்ல பாடம். அந்தப் பாடத்தை ஈரலுக்கும் சொன்னதுதான் பிசகு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தச் சிறுமி தட்டின் முன்னால் உட்காருவாள். துண்டை இரண்டாக வெட்டி, உள்ளே காப்பி நிறம் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அம்மா அவள் தட்டில் வைக்கட்டும். அவள் துப்பமாட்டாள். ஒருவேளை, "இன்னொன்று" என்றும் கேட்பாள்.